ரிலீவிங் லெட்டர் தர மறுத்தால்

ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து விலகும் ஊழியருக்குக் கடைசியில் இரண்டு கடிதங்கள் கிடைக்க வேண்டும். ஒன்று, ரிலீவிங் லெட்டர் எனப்படும் பணிவிடுவிப்புக் கடிதம். மற்றது அனுபவச் சான்றிதழ். பல நிறுவனங்கள் இரண்டையும் ஒரே தாளில் சேர்த்துத் தந்துவிடுவதால் ஊழியர்களும் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். சண்டை வராதவரை இதனால் கெடுதல் ஒன்றுமில்லை. சண்டை என்று வந்துவிட்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் ஊழியருக்குக் கைகொடுக்கும்.

ரிலீவிங் லெட்டர் ஒரு முடிவைப் பதிவு செய்கிறது. இன்னாரின் ராஜினாமா ஏற்கப்பட்டது, இந்தத் தேதியின் அலுவல் நேர முடிவோடு அவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்பதே அதன் சாரம். லேப்டாப், அடையாள அட்டை திரும்பி வந்துவிட்டன, பாக்கி எதுவுமில்லை என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும். புதிய நிறுவனம் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு: வேலைக்கு வருபவர் இன்னும் பழைய நிறுவனத்தின் ஊழியராகவே இருந்தால், நாளை அந்த நிறுவனம் தன்னையும் சேர்த்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பக்கூடும்.

அனுபவச் சான்றிதழில் முடிவு எதுவும் இல்லை, நடந்த விவரம் மட்டுமே இருக்கிறது: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன பதவியில், என்ன வேலை. பணப் பாக்கி இருக்கிறதா, சண்டை போட்டுக்கொண்டு போனாரா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நோட்டீஸ் பாக்கி வைத்துவிட்டுப் போன ஒருவருக்கு ரிலீவிங் லெட்டரை நிறுத்தி வைக்க நிறுவனம் ஒரு காரணமாவது சொல்ல முடியும். அவர் மூன்று ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தார் என்ற உண்மையை எழுதித் தர மறுப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் கிடையாது. எனவே ஊழியர் இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சேர்த்துக் கேட்டால் ஒரே பதிலில் இரண்டும் நின்றுபோகும்.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் துணை நிற்கிறது? ரிலீவிங் லெட்டர் என்ற பெயரைச் சொல்லி, எல்லாத் தனியார் நிறுவனங்களும் அதைத் தந்தே ஆக வேண்டும் என்று விதிக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. நெருக்கமாக வருவது 1946ஆம் ஆண்டின் தொழில் நிறுவன நிலையாணைகள் சட்டம். அதன்கீழ் வந்த மத்திய விதிகளில் உள்ள மாதிரி நிலையாணைகளின் 16ஆவது பிரிவு, நிரந்தரத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பணிநீக்கம், பணிவிடுவிப்பு, ஓய்வு ஆகியவற்றின்போது பணிச் சான்றிதழ் பெறும் உரிமை உண்டு என்றது. அந்தச் சட்டம் இப்போது தொழில் உறவுகள் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த அந்தத் தொகுப்பில், நிலையாணை கட்டாயம் என்பது 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடங்களுக்கே. சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தவருக்கும், மேலாளர் நிலையில் இருந்தவருக்கும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் நிறுவனத்தின் எச்.ஆர். கையேடும்தான் முதல் ஆதாரம். வெளியேறும் நடைமுறை முடிந்ததும் கடிதம் தரப்படும் என்று அவற்றில் ஒரு வரி இருந்தால், அதை ஒப்பந்தக் கடமையாகவே வாதிடலாம்.

ராஜினாமாவையே ஏற்க முடியாது என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. இதில் ஊழியரின் நிலை அவ்வளவு பலவீனமானதில்லை. ஏர் இந்தியாவை நடத்திவந்த நேஷனல் ஏவியேஷன் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: ராஜினாமா செய்வது ஊழியரின் உரிமை, பணி விதியில் வேறு நிபந்தனை இருந்தாலோ, ஒழுங்கு நடவடிக்கை நிலுவையிலோ பரிசீலனையிலோ இருந்தாலோ தவிர, விருப்பமில்லாதவரை வேலை பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ஒருவரின் உழைப்பை நீதிமன்ற ஆணையால் பிடித்து நிறுத்துவதைக் குறிப்பிட்ட தீர்வழிச் சட்டமும் அனுமதிப்பதில்லை. ஒப்பந்தத்தை மீறிப் போனவரிடம் நிறுவனம் கேட்கக்கூடியது பணம் மட்டுமே.

கடிதம் நின்றுபோகும் வழக்குகளில் பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது இந்தப் பணம்தான். நோட்டீஸ் பீரியட் முழுதாக முடிக்கப்படவில்லை, அல்லது பாண்ட் காலம் முடியவில்லை. நேரடியாக வழக்குப் போட்டு அந்தப் பணத்தை வாங்குவது நிறுவனத்துக்குச் செலவு. ஒரு தாளைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வதற்கு எந்தச் செலவும் இல்லை. இப்படி ஒரு மனிதரின் அடுத்த வேலையைப் பணயமாகப் பிடித்து வைப்பது நேர்மையான வசூல் முறை ஆகாது. ஆனாலும் ஊழியர் தொடங்க வேண்டிய இடம் அந்தப் பாக்கிக் கணக்குதான். அது தீர்ந்த பின்னும் கடிதம் வரவில்லையென்றால், மறுப்புக்குச் சொல்ல நிறுவனத்திடம் காரணம் ஒன்றும் மிஞ்சாது.

ஓர் உதாரணத்தை முழுக்கப் போட்டுப் பார்க்கலாம். சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டராக மூன்று ஆண்டுகள் வேலை பார்த்த பெண் ஒருவர். மாதச் சம்பளம் 60,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 30,000. நோட்டீஸ் 90 நாள். ஏப்ரல் 1 அன்று ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்புகிறார். புதிய நிறுவனம் மே 18 அன்று சேரச் சொல்கிறது. அதனால் மே 15 வரை, அதாவது 45 நாள் வேலை பார்த்துவிட்டு, லேப்டாப்பை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியேறுகிறார். மீதி 45 நாள் குறை. எச்.ஆர். தரப்பு, 90,000 ரூபாய் பாக்கி இருக்கிறது, அதைக் கட்டினால்தான் கடிதம் என்கிறது. மே மாதச் சம்பளத்தையும் நிறுத்தி வைத்துவிட்டது.

90,000 என்ற தொகை எங்கிருந்து வந்தது? முழுச் சம்பளம் 60,000ஐ 30ஆல் வகுத்து, நாளுக்கு 2,000 என்று 45 நாளுக்குப் போட்டிருக்கிறார்கள். அவருடைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் பார்த்தால், நோட்டீஸ் தவறினால் அதற்கு ஈடாக அடிப்படைச் சம்பளம் செலுத்த வேண்டும் என்று இருக்கிறது. அப்படியானால் நாளுக்கு 1,000, பாக்கி 45,000. இனி நிறுவனம் அவருக்குத் தர வேண்டியது: மே மாதத்தின் 15 நாள் சம்பளம், அதே 30 நாள் கணக்கில், 30,000. எடுக்காத ஈட்டிய விடுப்பு 12 நாள். கம்பெனி விதிப்படி அடிப்படைச் சம்பளத்தில் 12,000. ஆக 42,000. இதைக் கழித்தால் அவர் தர வேண்டியது வெறும் 3,000 ரூபாய். (பி.எஃப்., வரிப் பிடித்தங்களை எளிமைக்காக இங்கே விட்டிருக்கிறது.) அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் ‘அடிப்படை’ என்ற சொல் இல்லாமல் வெறும் ‘சம்பளம்’ என்று மட்டும் இருந்திருந்தால், நிறுவனத்தின் வாதம் வலுத்திருக்கும். சண்டை போடும் முன் அந்த ஒரு வரியை நிதானமாகப் படித்துவிட வேண்டும்.

அடுத்து அவர் செய்ய வேண்டியது, இந்தக் கணக்கை அப்படியே ஒரு மின்னஞ்சலாக எழுதி எச்.ஆருக்கும், மேலாளருக்கும், நிறுவனத்தின் பொது முகவரிக்கும் அனுப்புவது. தொனி அமைதியாக இருக்கட்டும். ராஜினாமா அனுப்பிய தேதி, கடைசி வேலை நாள், லேப்டாப் ஒப்படைத்த ரசீது, கணக்கு, 3,000 ரூபாய் அனுப்பியதற்கான வங்கிக் குறிப்பெண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கோரிக்கையை இரண்டு தனி வரிகளாகப் பிரிக்க வேண்டும்: ‘எனது பணிக்காலத்தையும் பதவியையும் குறிக்கும் அனுபவச் சான்றிதழை 15 நாட்களுக்குள் அனுப்பவும். கணக்கு தீர்ந்துவிட்டதால் பணிவிடுவிப்புக் கடிதத்தையும் அதே காலத்துக்குள் அனுப்பவும். கணக்கில் கருத்து வேறுபாடு இருந்தால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் எந்தப் பிரிவின்படி என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.’ கடைசி வரிதான் முக்கியம். போனில் 90,000 என்று சொல்லும் எச்.ஆர்., அதைப் பிரிவு எண்ணோடு எழுத வேண்டி வரும்போது பெரும்பாலும் தயங்குவார்.

இந்தப் பேச்சுவார்த்தையில் நிறுவனத்துக்கு எதிரான ஒரு பிடியும் ஊழியர் கையில் இருக்கிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பின் 17ஆவது பிரிவு, பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கு மட்டுமல்லாமல் ராஜினாமா செய்தவருக்கும் அவருக்குரிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. 45 நாளில், 60 நாளில் ஃபைனல் செட்டில்மென்ட் என்ற பழைய வழக்கத்துக்கு இதில் இடமில்லை. ஊதியக் கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் அதற்கான அதிகாரியிடம் கொண்டுபோகலாம். மே மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்த நிறுவனம் இங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும். கடிதத்துக்கு நேரடிச் சட்டம் மெலிவாக இருந்தாலும், சம்பளத்துக்குச் சட்டம் உறுதியாக இருக்கிறது. அதனால் புகாரில் சம்பளத்தை முதலில் வைத்து, கடிதத்தை அதோடு சேர்ப்பதே நல்லது.

பாண்ட் விஷயம் கொஞ்சம் வேறு. பாண்ட் எல்லாமே செல்லாது என்று ஊழியர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு, அது தவறு. விஜயா வங்கி தொடர்பான வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கி ஒருவரைத் தேர்ந்தெடுக்க நீண்ட, செலவுமிக்க நடைமுறையை மேற்கொள்கிறது, தொகையும் அந்த ஊழியரின் பதவிக்கு மிதமிஞ்சியதல்ல என்பது அதன் அடிப்படை. பயிற்சி என்று பெயருக்கு இரண்டு வாரம் உட்கார வைத்துவிட்டு லட்சக்கணக்கில் கேட்கும் சிறிய நிறுவனத்துக்கு இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி, எழுதப்பட்ட தொகை உச்சவரம்பு மட்டுமே. நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். ஆனால் உண்மையான செலவில் பயிற்சி தந்த இடத்தை விட்டுப் போகிறவர், பேசி ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்வது கடிதத்தைச் சீக்கிரம் பெற்றுத்தரும். அந்தப் பணத்தைக் கொடுக்கும்போது, கடிதங்கள் எந்தத் தேதிக்குள் வரும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கொடுக்க வேண்டும்.

மின்னஞ்சலுக்குப் பதில் வராமல் 15 நாள் கடந்தால், அதே விஷயம் வக்கீல் நோட்டீஸாக, நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரிக்கு, சேர்ப்பித்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் போக வேண்டும். கிளை அலுவலக எச்.ஆர். தன் பிடிவாதத்தால் நிறுத்தி வைத்திருந்த கடிதம், தலைமை அலுவலகத்தின் சட்டப் பிரிவு பார்த்ததும் வந்துவிடுவது உண்டு. அதற்கும் அசையாவிட்டால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் தொழிலாளர் உதவி ஆணையரிடம் மனு கொடுக்கலாம். அவர் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார். தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கே இந்த வழி முழுதாகத் திறந்திருக்கிறது. நிர்வாகப் பதவியில் இருந்தவர்களும், தொழில் உறவுகள் தொகுப்பின்படி 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் இதில் வரமாட்டார்கள். ஆனால் விசிட்டிங் கார்டில் ‘மேனேஜர்’ என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் ஒருவர் மேலாளர் ஆகிவிடுவதில்லை. உண்மையில் அவர் என்ன வேலை செய்தார் என்பதைத்தான் பார்ப்பார்கள். டெஸ்டிங் வேலை தொழில்நுட்ப வேலை. அதைச் செய்பவர் தன்னைத் தொழிலாளி என்று வாதிட இடமிருக்கிறது.

இந்த வரையறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு உரிமையியல் நீதிமன்றம். கடிதத்தைத் தரச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளையையும், கடிதமில்லாமல் வேலை கைநழுவியிருந்தால் இழப்பீட்டையும் கேட்டு வழக்குப் போடலாம். இழப்பீடு கேட்பவரிடம், அந்தக் கடிதம் இல்லாததால்தான் வேலை போனது என்று புதிய நிறுவனம் எழுதிய மின்னஞ்சல் இருக்க வேண்டும். பொதுவாக மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு. நீதிமன்ற வழி மெதுவானது என்பதால் அது கடைசி வழி. முன்னாள் நிறுவனம் அரசுத் துறையாகவோ பொதுத்துறை நிறுவனமாகவோ இருந்தால், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். தனியார் நிறுவனத்துக்கு எதிராக அது பொதுவாக நிற்காது. நுகர்வோர் நீதிமன்றமும் காவல் நிலையமும் இதற்கான இடங்கள் அல்ல. சான்றிதழ் தர மறுப்பது குற்றமாகாது. பணி ஒப்பந்தம் நுகர்வோர் சேவையும் ஆகாது.

இவை எல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே புதிய நிறுவனத்தில் சேர வேண்டுமே! அங்கே பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்பவர்கள் கேட்பது, உண்மையில் அந்தத் தாளை அல்ல, தாளில் உள்ள விவரங்களை: எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார், என்ன பதவி, வெளியேறும் நடைமுறை முடிந்ததா. முதல் மூன்றையும் பழைய நிறுவனத்தின் தயவில்லாமலே நிரூபிக்கலாம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், மாதாந்திர பே ஸ்லிப்கள், சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம், நிறுவனத்தின் பெயரும் பிடித்த வரியும் தெரியும் ஃபார்ம் 16 மற்றும் 26AS ஆகியவை போதுமானவை. நான்காவதற்கு, ராஜினாமா மின்னஞ்சலும் அதற்கு மேலாளர் தந்த பதிலும், லேப்டாப் ரசீதும் வேண்டும். ராஜினாமாவை அலுவலக மின்னஞ்சலிலிருந்து மட்டும் அனுப்பியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கடைசி நாளன்று அந்தக் கணக்கு மூடப்பட்டதும் சான்று முழுதும் போய்விடும். சொந்த முகவரிக்கு ஒரு நகல் அனுப்பியிருக்க வேண்டும். இந்தக் கட்டை எடுத்துக்கொண்டு புதிய நிறுவனத்திடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடுவதே சரி. சோதனை செய்பவர் பழைய எச்.ஆருக்குப் போன் போட்டு, ‘சொல்லாமல் ஓடிப்போனவர்’ என்ற பதிலைக் கேட்ட பிறகு விளக்கம் சொல்வது கடினம்.

இந்தச் சான்றுகளிலேயே எடை மிகுந்தது பி.எஃப். பதிவு. ஊழியரின் யு.ஏ.என். எண்ணில் ஒவ்வொரு நிறுவனமும் சேர்ந்த தேதியோடும் விலகிய தேதியோடும் பதிவாகிறது. `View` மெனுவில் `Service History` என்ற பக்கத்தில் அது தெரியும். பகைமை பாராட்டும் நிறுவனம் விலகிய தேதியை ஏற்றாமல் விட்டுவிடும். அப்போது பதிவின்படி அவர் இன்னும் பழைய இடத்தில் இருக்கிறார். புதிய நிறுவனத்தின் பார்வையில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை. 2020 முதல் ஊழியரே இதைச் சரிசெய்யலாம். ஆதாரோடு இணைந்த மொபைல் எண் இருந்தால், தளத்தின் `Manage` மெனுவில் `Mark Exit` என்பதைத் தேர்ந்தெடுத்து ஓ.டி.பி. மூலம் தேதியைப் பதிவு செய்துவிடலாம். கடைசி பி.எஃப். தொகை செலுத்தப்பட்டு இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். தேதி, கடைசித் தொகை எந்த மாதத்துக்கானதோ அந்த மாதத்துக்குள் இருக்க வேண்டும்.

சிறுசேரிப் பெண்ணின் விஷயத்தில் அந்த மாதம் மே. அவர் பழக்கத்தில் மே 31 என்று போட்டுவிடக் கூடாது. புதிய நிறுவனத்தில் மே 18 அன்றே சேர்ந்துவிட்டதால் இரண்டு வாரம் இரட்டை வேலையாகப் பதிவாகி, பழைய பி.எஃப். தொகையை மாற்றும்போதும் சிக்கும். மே 15 என்பதே சரி. பதிவு செய்யும் முன் தேதியை நன்றாகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பின்னர் திருத்த வேண்டி வந்தால் சில நேரங்களில் பழைய நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படலாம், அதாவது சண்டை போட்ட அதே ஆளிடம் திரும்பப் போக வேண்டியிருக்கும்.

வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கட்டு போதாமல் போகலாம். கனடா குடியேற்றத்துக்குக் கேட்கும் பணிக் கடிதத்தில் செய்த வேலைகளின் விவரமும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதும், சம்பளமும் இருக்க வேண்டும். நமது நிறுவனங்கள் தரும் மூன்று வரி அனுபவச் சான்றிதழில் அவை இருப்பதில்லை. அப்படிப் போகும் எண்ணம் இருந்தால், வேலையில் இருக்கும்போதே அந்த விவரங்களோடு எழுதித் தரும்படி மேலாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது எளிது.

கடிதம் வரவில்லை என்ற நெருக்கடியில் சிலர் போலி அனுபவச் சான்றிதழ் விற்பவர்களை நாடுகிறார்கள். முன்னாள் நிறுவனத்தின் தாளில் தானே கடிதம் தயாரிப்பவர்களும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340 ஆகிய பிரிவுகள் போலி ஆவணம் தயாரிப்பதையும் பயன்படுத்துவதையும் குற்றமாக்குகின்றன. சோதனையில் எண்ணும் தேதியும் பி.எஃப். பதிவோடு ஒப்பிடப்படும்போது அது பிடிபடுகிறது. அதுவரை நோட்டீஸ் பாக்கியில் மட்டும் இருந்த ஒரு நல்ல ஊழியர், அந்த நாளிலிருந்து மோசடி செய்தவர் ஆகிவிடுகிறார்.

நிறுவனமே மூடிப்போயிருந்தால் கடிதம் கேட்க ஆளில்லை. அங்கேயும் பி.எஃப். பதிவும், வரி ஆவணங்களும், வங்கி விவரமும் வேலை பார்த்ததைக் காட்டும். நிறுவனம் மூடப்பட்டதைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அதன் பெயரைத் தேடி, தெரியும் நிலையை அச்சிட்டு இணைக்கலாம். அப்போதைய மேலாளர் ஒருவர், தன் கீழ் இன்னார் இந்தக் காலத்தில் இந்த வேலை பார்த்தார் என்று நோட்டரி முன் கையெழுத்திட்டுத் தரும் பிரமாணப் பத்திரம் எஞ்சிய இடைவெளியை நிரப்பும். அவருடைய அன்றைய பதவிக்கான சான்று ஒன்றும் அதோடு இருப்பது நல்லது.